மீமில் கம்பெனி நுழைந்தால் சிரிப்பு ஏன் போய்விடுகிறது?

காதலியின் கையைப் பிடித்துக்கொண்டே, எதிரே கடந்துபோன சிவப்பு டிரெஸ் பெண்ணைத் திரும்பிப் பார்க்கும் இளைஞன். பக்கத்தில் வாயைப் பிளந்து முறைக்கும் காதலி. இந்தப் போட்டோவைப் பார்க்காத ஸ்மார்ட்போன் அநேகமாக இருக்காது. ஸ்பெயின் போட்டோகிராபர் அன்டோனியோ கியெம் 2015-ல் எடுத்தது. காசு கொடுத்து வாங்கி விளம்பரத்துக்கோ கட்டுரைக்கோ போட்டுக்கொள்ளும் 'ஸ்டாக்' படங்களில் ஒன்று. அதாவது, பிறக்கும்போதே விற்பனைச் சரக்குதான். 2017 ஆகஸ்டில்தான் உலகமே அதை எடுத்து மீம் ஆக்கியது.

அந்த மீம் ஏன் ஓடியது? மூன்று பேர் மேலும் மூன்று பெயர் எழுதினால் போதும், ஒரு கதை ரெடி. இளைஞன் மேல் 'நான்', காதலி மேல் 'நாளைக்கு இருக்கிற எக்ஸாம்', சிவப்பு டிரெஸ் மேல் 'புது வெப் சீரிஸ்'. இதில் கேலி செய்யப்படுவது யார்? போட்டவர்தான். 'நான் இப்படித்தான், என்ன பண்றது' என்று தன்னையே காட்டிக்கொடுக்கிறார். பார்க்கிறவருக்கும் அதே வியாதி இருப்பதால் சிரிப்பு வருகிறது. படத்தில் இருப்பது ஆணா பெண்ணா என்பதுகூட அப்போது கண்ணில் படாது. அங்கே ஆட்கள் இல்லை, லேபிள்கள்தான் இருக்கின்றன.

இப்போது ஸ்வீடனுக்குப் போவோம். பான்ஹோஃப் என்ற இன்டர்நெட் சேவை நிறுவனம், 2018 ஏப்ரலில் வேலைக்கு ஆள் எடுக்க இதே படத்தைப் போட்டது. இளைஞன் மேல் 'நீங்கள்', காதலி மேல் 'இப்போது வேலை பார்க்கும் இடம்', சிவப்பு டிரெஸ் மேல் 'பான்ஹோஃப்'. ஃபார்மேட்டில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் புகார்கள் பறந்தன. ஸ்வீடனில் விளம்பரத் துறையே நடத்தும் குறைதீர்ப்பு அமைப்பு, அந்த ஆண்டு செப்டம்பரில் இது பாலினப் பாகுபாடு காட்டும் விளம்பரம் என்று சொன்னது. வேலையை மாற்றுவதுபோலப் பெண்ணையும் மாற்றலாம் என்று காட்டுகிறது, பெண்களை வெறும் அழகுப் பொருளாக்குகிறது என்பது அதன் வாதம். அபராதம் போடும் அதிகாரம் அந்த அமைப்புக்குக் கிடையாது, கண்டிக்க மட்டும்தான் முடியும். நிறுவனமோ, இன்டர்நெட் பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்த மீம்தானே, தண்டிப்பதாக இருந்தால் பழசாகிப்போன மீமைப் போட்டதற்காகத் தண்டியுங்கள் என்கிற ரீதியில் பதில் சொன்னது. பதில் என்னவோ ஜோராகத்தான் இருக்கிறது!

ஆனால் விஷயம் அங்கே இல்லை. 'நான்' இருந்த இடத்தில் 'நீங்கள்' வந்துவிட்டது. தன்னைத்தானே கேலி செய்த வாக்கியம், அடுத்தவரைக் கூப்பிடும் வாக்கியமாக மாறிவிட்டது. கூப்பிடுகிற கம்பெனி எந்த இடத்தில் நிற்கிறது? எல்லோரும் திரும்பிப் பார்க்கும் சிவப்பு டிரெஸ்ஸில். மீமில் தோற்றுப்போகும் இடத்தைப் பயனர் எடுத்துக்கொள்கிறார். பிராண்ட் ஜெயிக்கும் இடத்தை எடுத்துக்கொள்கிறது. 'எங்களிடம் வாருங்கள்' என்று சீரியஸாகச் சொன்ன அந்த நொடியில் லேபிள்கள் கழன்று விழுந்து, அடியில் இருந்த ஆணும் பெண்களும் பளிச்சென்று தெரிய ஆரம்பித்துவிட்டார்கள். அதைத்தான் புகார் கொடுத்தவர்கள் பார்த்தார்கள்.

நம்ம ஊர் நேசமணியையும் இதே கணக்கில் போட்டுப் பார்க்கலாம். 2019 மே மாதம், ஒரு ஃபேஸ்புக் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு 'உங்கள் ஊரில் இதன் பெயர் என்ன' என்று கேட்டார்கள். காண்ட்ராக்டர் நேசமணியின் மண்டையைப் பிளந்தது இதுதான் என்று ஒருவர் முகத்தில் சிரிப்பே இல்லாமல் பதில் எழுதினார். 2001-ல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' பட வடிவேலுவுக்காக உலகமே பிரார்த்தனை செய்தது. அதன் மொத்த சுவையும், யாருக்கும் ஒரு பைசா லாபம் இல்லாத விஷயத்தை உயிர்போகிற விஷயம்போல நடித்ததில் இருந்தது. அதே வரிசையில் ஒரு பெயின்ட் கம்பெனி, 'நேசமணி குணமாகட்டும், எங்கள் பெயின்டுக்கு 10% தள்ளுபடி' என்று போட்டால்? லாபம் உள்ளே வந்ததும் நடிப்பு கலைந்துவிடும். கல்யாண வீட்டு அரட்டையில் இன்சூரன்ஸ் ஏஜென்ட் மெல்ல நாற்காலியை இழுத்துப் போடுவதுபோல.

தாமதமும் ஒரு காரணம்தான். பயனர் ரெண்டு நிமிஷத்தில் போடுவதை, கம்பெனியில் நாலு பேர் பார்த்து ஓகே சொல்ல வேண்டும். பான்ஹோஃப் போட்டபோது மீமுக்கு எட்டு மாத வயசு. ஆனால் அன்றே போட்டிருந்தாலும் 'நீங்கள்' மாறியிருக்காது.

அப்படியானால் பிராண்டுகள் மீம் பக்கமே வரக்கூடாதா? வரலாம், நாற்காலி மாறி உட்கார்ந்தால். அதே படத்தில் பான்ஹோஃப் தன் பெயரைக் கைவிடப்பட்ட காதலி மேல் எழுதி, சிவப்பு டிரெஸ் மேல் போட்டி நிறுவனத்தின் பெயரைப் போட்டிருந்தால், வேலைக்கு ஆள் வந்திருப்பார்களோ என்னவோ, சிரிப்பு வந்திருக்கும். அந்த டிசைனை எந்த மேனேஜர் அப்ரூவ் பண்ணுவார் என்பதுதான் கேள்வி.