இரண்டு முதலீடு, மூன்று உறுப்பு

நிதிப் புள்ளியியல் படிக்கும் மாணவர்கள் புத்தகப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து, "இதை எப்படிப் போடுவது?" என்று அனுப்பும் கணக்குகளில் ஒரு வகை உண்டு. ஒருவர் தம் பணத்தில் 60 சதவீதத்தை 'அ' என்ற முதலீட்டிலும், 40 சதவீதத்தை 'ஆ' என்ற முதலீட்டிலும் போட்டிருக்கிறார். 'அ'வின் ஆண்டு வருவாய்க்குத் திட்ட விலக்கம் 12 சதவீதம். 'ஆ'வுக்கு 20 சதவீதம். இரண்டுக்கும் இடையிலான உடன்மாறுபாடு 96. முழுத் தொகுப்பின் பரவற்படி என்ன?

முதலில் சொற்களைப் பார்த்துவிடலாம். ஓர் ஆண்டின் வருவாய் தன் சராசரியிலிருந்து எவ்வளவு மேலோ கீழோ போனது என்பது அந்த ஆண்டின் விலகல். விலகல்களை வர்க்கப்படுத்திச் சராசரி எடுத்தால் கிடைப்பது பரவற்படி. அதன் வர்க்கமூலமே திட்ட விலக்கம். இரண்டு முதலீடுகளின் விலகல்களை ஆண்டுக்கு ஆண்டு ஒன்றோடொன்று பெருக்கிச் சராசரி எடுத்தால் கிடைப்பது உடன்மாறுபாடு. இரண்டும் பெரும்பாலும் ஒரே பக்கம் விலகினால் அது மிகையெண்; எதிரெதிர்ப் பக்கம் விலகினால் குறையெண்.

இந்தக் கணக்கில் பலர் முதலில் செய்வது, திட்ட விலக்கங்களுக்கு எடையிட்ட சராசரி எடுப்பதுதான். 0.6 × 12 + 0.4 × 20 = 15.2. சராசரி வருவாயைக் கண்டுபிடிக்க அந்த வழி சரி. பரவற்படிக்குச் சரியில்லை. ஏன் என்று ஒரே ஓர் ஆண்டை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஏதோ ஓர் ஆண்டில் 'அ' தன் சராசரியைவிட 10 புள்ளி கூடியது, 'ஆ' தன் சராசரியைவிட 5 புள்ளி குறைந்தது என்று கொள்வோம். தொகுப்பில் 'அ'வின் பங்களிப்பு 0.6 × 10, அதாவது 6. 'ஆ'வின் பங்களிப்பு 0.4 × 5, அதாவது 2, ஆனால் கீழ்நோக்கி. ஆகவே தொகுப்பின் விலகல் 6 − 2 = 4. அதன் வர்க்கம் 16. இதையே பள்ளியில் படித்த (a + b)² வாய்பாட்டால் விரித்தால் 36 + 4 − 24 என்று வரும். அந்த 24, இரண்டு பங்களிப்புகளையும் பெருக்கி இரட்டிப்பாக்கியதால் வந்தது. இரண்டு முதலீடுகளும் எதிர்த்திசையில் போனதால் அது கழிகிறது. இரண்டும் மேலே போயிருந்தால் அதே 24 கூடி, விடை 64 ஆகியிருக்கும்.

எல்லா ஆண்டுகளுக்கும் இப்படி விரித்துச் சராசரி எடுத்தால், முதல் உறுப்பு 'அ'வின் பரவற்படியாகவும் இரண்டாவது 'ஆ'வின் பரவற்படியாகவும் மூன்றாவது உடன்மாறுபாடாகவும் மாறுகின்றன. எடைகள் வர்க்கமாவதும், மூன்றாம் உறுப்பின் முன்னால் 2 வருவதும் இந்த விரிவிலிருந்துதான்.

```
σp² = w1²σ1² + w2²σ2² + 2·w1·w2·σ12
```

இனி எண்களைப் போடலாம். 12-இன் வர்க்கம் 144; 0.36 × 144 = 51.84. 20-இன் வர்க்கம் 400, 0.16 × 400 = 64. மூன்றாம் உறுப்பு 2 × 0.6 × 0.4 × 96 = 46.08. மொத்தம் 161.92. இதுவே பரவற்படி. இதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 12.72 சதவீதம். முன்பு வந்த 15.2-ஐவிட இது தெளிவாகவே குறைவு.

இங்கே படத்தால் வரும் சிக்கலைச் சொல்ல வேண்டும். பக்கத்தின் மடிப்பிலோ நிழலிலோ 96-க்கு முன்னிருந்த கழித்தல் குறி மறைந்திருந்தால் என்னாகும்? −96 என்று வைத்துப் போட்டால் 51.84 + 64 − 46.08 = 69.76. திட்ட விலக்கம் 8.35. ஒரு சின்னக் கோடு பரவற்படியைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடுகிறது.

எண் தவறாகத் தெரிந்திருந்தால் அதைக் கண்டுபிடிக்க ஓர் எல்லை உண்டு. உடன்மாறுபாட்டின் அளவு, இரண்டு திட்ட விலக்கங்களின் பெருக்கற்பலனைத் தாண்டவே முடியாது. இங்கே அது 12 × 20 = 240. படத்தில் 960 என்று தெரிந்தால் ஏதோ ஓர் எண்ணைத் தவறாகப் படித்திருக்கிறோம். மேல் எல்லையான 240-ஐயே போட்டால் பரவற்படி 231.04 ஆகும், அதன் வர்க்கமூலம் மிகச் சரியாக 15.2. அதாவது எடையிட்ட சராசரி பொருந்துவது, இரண்டு முதலீடுகளும் முழுக்க ஒரே தாளத்தில் ஏறி இறங்கும்போது மட்டும்தான்.

ஆனால் குறி மறைந்ததை இந்தச் சோதனை காட்டாது. 96, −96 இரண்டுமே எல்லைக்குள் இருப்பவை. அதற்குக் கேள்வியின் மேற்பகுதியைப் பார்க்க வேண்டும். மந்தம், இயல்பு, வளர்ச்சி என்ற நிலைகளுக்கு நிகழ்தகவும் வருவாயும் தந்த அட்டவணை இருந்தால், மந்தத்தில் ஒன்று இறங்கும்போது மற்றது ஏறுகிறதா என்று பார்த்தாலே பெரும்பாலும் குறி தெரிந்துவிடும். அட்டவணையும் படத்தில் விழவில்லை என்றால், முழுப் பக்கத்தையும் கேட்டு வாங்குவதே வழி.

அலகிலும் கவனம் வேண்டும். சதவீதத்தைத் தசமமாக எழுதினால் 12 என்பது 0.12, அதன் வர்க்கம் 0.0144; உடன்மாறுபாடு 96 என்பது 0.0096. ஒன்றைச் சதவீதத்திலும் மற்றொன்றைத் தசமத்திலும் வைத்தால் ஓர் உறுப்பு பத்தாயிரம் மடங்கு பெருத்தோ சிறுத்தோ நிற்கும். மூன்றில் ஒன்று மட்டும் அப்படி நின்றால் காரணம் அநேகமாக இதுதான்.

விடை வந்த பிறகும் இந்தக் கணக்கில் பார்க்க வேண்டியது ஒன்று மிச்சம் இருக்கிறது. பணம் முழுவதையும் 'அ'வில் வைத்தால் பரவற்படி 144. அதில் ஏறத்தாழ 14 சதவீதத்தை மட்டும் 'ஆ'வுக்கு மாற்றினால் பரவற்படி சுமார் 137.5-க்கு இறங்குகிறது. அதிக ஏற்ற இறக்கம் உள்ள முதலீட்டைச் சேர்த்ததால் மொத்த ஏற்ற இறக்கம் குறைகிறது! உடன்மாறுபாடு 96, 'அ'வின் பரவற்படியான 144-ஐவிடக் குறைவாக இருப்பதே காரணம். அது 144 அல்லது அதற்கு மேல் இருந்திருந்தால் 'ஆ'வை எவ்வளவு சேர்த்தாலும் இந்தப் பலன் கிடைக்காது. ஹாரி மார்கோவிட்ஸ் 1952-இல் வெளியிட்ட கட்டுரையின் மையக் கருத்து இந்த மூன்றாம் உறுப்பைச் சார்ந்தது. 1990-இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் அவரும் ஒருவர்.

பாடப் புத்தகம் 96-ஐக் கையில் கொடுத்துவிடுகிறது. சந்தையில் அதை யாரும் கொடுப்பதில்லை. கடந்த கால வருவாயிலிருந்து மதிப்பிட வேண்டும். அந்த மதிப்பு நிலையாகவும் இருப்பதில்லை. 2008 நெருக்கடியில் பல நாட்டுப் பங்குச் சந்தைகள் சேர்ந்தே சரிந்தன. நம் கணக்கிலும் 96 என்பது 200 ஆனால் பரவற்படி 211.84-க்கு ஏறிவிடும். ஆகவே தேர்வுத் தாளுக்கு 161.92 முழுமையான விடை. சொந்தப் பணத்துக்கு இதே கணக்கைப் போடுபவர், அந்த 96 எந்தெந்த ஆண்டுகளின் விவரத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.