டிபன் பாக்ஸைப் பற்றி எழுதட்டும், பிள்ளையைப் பற்றி வேண்டாம்



புதுச்சேரி அரசு அலுவலகத்தில் குறிப்பும் கடிதமும் எழுதியே என் உத்தியோக காலம் போயிற்று. அதனால் எந்தக் கடிதத்தைப் பார்த்தாலும் மூன்று கேள்விகள் தானாக வந்துவிடும். இது யாருக்குப் போகிறது? எதைப் பற்றி? படித்தவர் என்ன செய்ய வேண்டும்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத கடிதம் ஒரு வேலையும் செய்யாது. சில சமயம் கெடுதலும் செய்யும்.

எங்கள் தெருவில் வளர்ந்த ஒரு பெண் இப்போது இங்குள்ள தனியார் பள்ளியில் நர்ஸாக இருக்கிறாள். போன மாதம் ஒரு வரைவுக் கடிதத்தோடு வந்தாள். "மாமா, எடை அதிகமான பிள்ளைகள் வீட்டுக்கு மட்டும் இதை அனுப்பச் சொல்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. கொஞ்சம் பாருங்கள்" என்றாள். பார்த்தேன். 'தங்கள் குழந்தை உடல் பருமனாக இருப்பது எங்கள் கவனத்துக்கு வந்துள்ளது' என்று ஆரம்பித்திருந்தது. ஒட்டிய உறையில் போட்டு, பிள்ளைகள் கையிலேயே கொடுத்தனுப்புவதாக ஏற்பாடு.

அவள் மனசு ஒப்பாதது சரிதான். ஏன் என்று எழுதத்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்த உறை. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆறு பேருக்கு மட்டும் உறை கொடுத்தால், அதைப் பிரிக்கவே வேண்டாம். பார்த்த மாத்திரத்தில் வகுப்புக்கே விஷயம் தெரிந்துவிடும். சாயங்காலம் பள்ளிக்கூட வாசல் தாண்டுவதற்குள் 'குண்டு லெட்டர்' என்று பெயரும் வைத்துவிடுவார்கள். உறைக்குள் எவ்வளவு மரியாதையாக எழுதியிருந்தாலும் பயன் இல்லை.

இரண்டாவது, எடை என்பது கண்ணால் பார்த்துச் சொல்கிற விஷயம் அல்ல. எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு தடவை வகுத்தால் வருவதுதான் பி.எம்.ஐ. என்கிற எண். பெரியவர்களுக்கு 20 என்றால் சாதாரணம். அதே 20 ஆறு வயதுப் பிள்ளைக்கு வந்தால் டாக்டர் யோசிக்க வேண்டிய எண். பிள்ளைகளுக்கு இந்த எண் ஐந்தாறு வயதுவரை இறங்கி, பிறகு ஏறத் தொடங்குவது இயற்கை. அதனால் வயதுக்கும், ஆணா பெண்ணா என்பதற்கும் ஏற்ற வளர்ச்சிக் கோட்டில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அதுவும் ஒரு புள்ளியை வைத்து முடிவு கட்டக் கூடாது. கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் முக்கியம்.

பிரான்சில் ஒவ்வொரு பிள்ளைக்கும் 'கார்னே த சாந்தே' என்று ஒரு ஆரோக்கியப் புத்தகம் உண்டு. நம் ஊரில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீடுகளில் பார்த்திருப்பீர்கள். அதில் இந்தக் கோட்டுக்கு 'கோர்புலான்ஸ்' கோடு என்று பெயர். அந்தச் சொல்லுக்கு உடல்வாகு என்றுதான் அர்த்தம். குண்டு, ஒல்லி என்ற தீர்ப்பு அதில் கிடையாது. ஒல்லிப் பிள்ளைக்கும் அதே கோடு, பூசினாற்போல் இருக்கும் பிள்ளைக்கும் அதே கோடு. பெயர் வைத்தவர் யோசித்து வைத்திருக்கிறார்.

மூன்றாவது காரணம் அனுபவம். அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலம் 2003இல் சட்டம் போட்டு, பள்ளியிலேயே எடை எடுத்துப் பெற்றோருக்கு அறிக்கை அனுப்ப ஆரம்பித்தது. பிறகு வேறு சில இடங்களும் செய்தன. இது பலன் தருகிறதா என்று கலிபோர்னியாவில் பல பள்ளிகளை எடுத்துக்கொண்டு முறையாகப் பரிசோதித்தார்கள். முடிவு 2021இல் வெளியானது. அறிக்கை போன வீட்டுப் பிள்ளைகளின் எடைக்கும் போகாத வீட்டுப் பிள்ளைகளின் எடைக்கும் வித்தியாசம் இல்லை. தங்கள் உடம்பைப் பற்றிய மனக்குறைதான் சில பிள்ளைகளுக்குக் கூடியது. ஆக, எண்ணை எழுதி அனுப்பினால் பெற்றோர் விழித்துக்கொள்வார்கள் என்பது நம் நினைப்புதான்.

'அப்படியானால் பள்ளி வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா?' என்று கேட்பீர்கள். இல்லை. பள்ளி கேன்டீனிலும், பள்ளியைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதி இருக்கிறது. ஆனால் வீட்டிலிருந்து வரும் டிபன் பாக்ஸை எந்த விதியும் தொட முடியாது. அங்கே கடிதம் ஒன்றுதான் வழி. அந்தக் கடிதம் எல்லா வீட்டுக்கும் போக வேண்டும். பிள்ளையின் உடம்பை விட்டுவிட்டு, பாக்ஸில் இருப்பதைப் பற்றிப் பேச வேண்டும். அம்மாவோ பாட்டியோ நாளைக் காலையில் மாற்றக்கூடியது அதுதானே.

பாக்ஸைப் பற்றி எப்படிப் பேசுவது? ஒரு கணக்குப் போட்டுக் காட்டலாம். எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,700 கலோரி தேவை. சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை அதில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது 170 கலோரி. ஒரு கிராம் சர்க்கரைக்கு 4 கலோரி என்றால் 42 கிராம் வரும், ஏறக்குறைய எட்டு தேக்கரண்டி. இது உச்ச வரம்பு. பாதியாக இருந்தால் இன்னும் நல்லது.

இப்போது பத்தரை மணி இடைவேளையில் திறக்கும் பாக்ஸைப் பாருங்கள். 200 மில்லி மாம்பழ ஜூஸ் பொட்டலம் ஒன்று. அதில் சுமார் 25 கிராம், ஐந்து தேக்கரண்டி சர்க்கரை. பொட்டலத்தின் முதுகில் 100 மில்லிக்கு என்றுதான் அச்சடித்திருப்பான், நாம்தான் இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும். கூடவே க்ரீம் பிஸ்கட் நான்கு. அதில் மூன்று தேக்கரண்டி. முடிந்தது, எட்டு! மத்தியான சாப்பாட்டு மணி அடிக்கும் முன்பே அன்றைய வரம்பு தீர்ந்துவிட்டது. காலையில் குடித்த பாலில் போட்ட சர்க்கரை இந்தக் கணக்கில் இல்லை. சாயங்காலம் தாத்தா வாங்கித் தரும் ஐஸ்க்ரீமும் இல்லை.

இந்தக் கணக்கில் எந்தப் பிள்ளையும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒல்லிப் பிள்ளையின் பாக்ஸுக்கும் இதே எட்டு தேக்கரண்டிதான், அதன் பல்லுக்கும் பசிக்கும் இதே கெடுதல்தான்.

இப்படிப் பேசிப் பேசி அவளும் நானும் சேர்ந்து எழுதிய கடிதம் இது:

'அன்புள்ள பெற்றோருக்கும், தாத்தா பாட்டிகளுக்கும்,

இந்தக் கடிதம் நம் பள்ளியின் எல்லாக் குடும்பங்களுக்கும் அனுப்பப்படுகிறது. பிள்ளைகள் நன்றாக வளரவும், மத்தியானம்வரை சோர்வில்லாமல் இருக்கவும் டிபன் பாக்ஸில் இரண்டு மாற்றங்களை நாம் சேர்ந்து செய்து பார்க்கலாம்.

ஒன்று: குடிக்கத் தண்ணீர் மட்டும் கொடுத்தனுப்புவோம். ஒரு 200 மில்லி ஜூஸ் பொட்டலத்தில் சுமார் ஐந்து தேக்கரண்டி சர்க்கரை இருக்கிறது.

இரண்டு: இடைவேளைக்கு ஒரு பழம், அல்லது ஒரு பிடி சுண்டல், வேர்க்கடலை, அவித்த முட்டை என்று வீட்டில் இருப்பதைக் கொடுப்போம். கொய்யாவும் வாழைப்பழமும் போதும், விலை கூடிய பழம் தேவையில்லை. வேர்க்கடலையோ முட்டையோ ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் அதைத் தவிர்க்கட்டும்.

மத்தியான சாப்பாட்டின் அளவைக் குறைக்க வேண்டாம். வளரும் பிள்ளையை வீட்டிலேயே டயட்டில் வைக்கவும் வேண்டாம். யாருடைய பாக்ஸையும் வகுப்பில் சோதிக்க மாட்டோம், மதிப்பெண்ணும் போட மாட்டோம்.

உங்கள் பிள்ளையின் வளர்ச்சி பற்றி எந்தச் சந்தேகம் இருந்தாலும், தனியாக வந்து பேசலாம். புதன்கிழமை மாலை 3.30 முதல் 4.30 வரை நர்ஸ் அறையில் இருப்பேன்.'

இதில் ஒவ்வொரு வரிக்கும் காரணம் உண்டு. பிரெஞ்சில் 'ஓன்' என்று ஒரு சொல் இருக்கிறது. யாரையும் விரல் நீட்டாமல் பொதுவாகச் சொல்ல உதவும். எங்கள் பள்ளியில் அதை அழகாகப் பயன்படுத்தச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் நம் தமிழில் அதைவிட நல்ல சொல் இருக்கிறது: 'நாம்'. எழுதுகிறவரையும் படிக்கிறவரையும் ஒரே பாயில் உட்கார வைத்துவிடும். கொடுப்போம், செய்து பார்க்கலாம் என்று எழுதியது அதனால்தான்.

சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம் என்ற வரியை விட்டுவிடக் கூடாது. கடிதம் எல்லோருக்கும் போவதால், ஏற்கெனவே ஒல்லியாக இருக்கும் பிள்ளையின் அம்மாவும் பயந்து சோற்றைக் குறைத்துவிடலாம். எடை கூடிய பிள்ளைக்கும்கூடப் பல சமயம் எடையை இறக்கத் தேவையில்லை. எடை அப்படியே நிற்க, உயரம் ஏறினால் கோடு தானாகச் சீராகும். அதைத் தீர்மானிப்பது டாக்டர், டிபன் பாக்ஸ் கட்டுகிறவர் அல்ல.

'இப்படிப் பூசி மெழுகினால், கவனிக்க வேண்டிய பிள்ளையின் வீட்டுக்கு விஷயம் எப்படித் தெரியும்?' என்று அவளுடைய நிர்வாகத்தில் கேட்டார்களாம். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் கடிதத்தில் இல்லை, நாற்காலியில் இருக்கிறது. வருஷாந்திரப் பரிசோதனையில் எல்லாப் பிள்ளைகளையும் ஒவ்வொருவராக, திரைக்குப் பின்னால், எண்ணை உரக்கச் சொல்லாமல் எடை பார்க்கட்டும். யாருடைய கோடாவது மேலேயோ கீழேயோ திரும்பினால், அந்தப் பெற்றோரை மட்டும் போனில் அழைத்து, எதிரே உட்கார வைத்துப் பேசட்டும். எழுத்தில் போனால் தீர்ப்பாகப் படும். நேரில் சொன்னால், வீட்டில் என்ன நடக்கிறது என்று அவர்களும் சொல்வார்கள்.

கடிதம் வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ளவும் பிள்ளைகளைத் தராசில் ஏற்ற வேண்டியதில்லை. அனுப்புவதற்கு முந்தைய வாரம் ஒரு நாள், வகுப்புக் குப்பைக் கூடையில் எத்தனை காலி ஜூஸ் பொட்டலம் என்று எண்ணி வைக்கட்டும். ஒரு மாதம் கழித்து அதே கிழமையில் மறுபடி எண்ணட்டும். குறைந்திருந்தால் கடிதம் படிக்கப்பட்டிருக்கிறது. கூடைக்கு யார் போட்டது என்று தெரியாது, அதுவே அதன் நல்ல குணம்.

ஒரு கடிதத்தால் ஒரு பிள்ளையின் எடை மாறிவிடும் என்று நான் சொல்லவில்லை. பாக்ஸ் என்பது நாளில் ஒரு வேளை, வாரத்தில் ஐந்தாறு நாள். மிச்ச வேளையெல்லாம் வீட்டில். அந்த வீட்டில் நாமும் இருக்கிறோம் நண்பர்களே. பேரன் முகம் வாடினால் பிஸ்கட் டப்பாவைத் திறப்பது பெரும்பாலும் நம் கைதான். 'பிள்ளை நல்லா கொழுகொழுன்னு இருக்கட்டும், கண்ணு போடாதீங்க' என்பதும் நம் வாய்தான். அதே வாய் இன்னொரு நாள் விருந்தாளி எதிரிலேயே 'என்னடா இப்படிக் குண்டாயிட்ட?' என்றும் கேட்டுவிடுகிறது. கடிதத்தில் தாத்தா பாட்டிகளையும் விளித்திருப்பது மரியாதைக்காக மட்டும் அல்ல.

உங்கள் பேரப் பிள்ளைகளின் பள்ளியிலிருந்து இப்படிக் கடிதம் ஏதாவது வந்திருந்தால், அதில் என்ன எழுதியிருந்தது என்று சொல்லுங்கள். அவளிடம் காட்டுகிறேன்.