மாடியில் மண் கொட்டும் முன் எடையைக் கேளுங்கள்

மாடித்தோட்டப் பயிற்சி எங்கே நடந்தாலும் முதலில் வருகிற கேள்வி, "மண்கலவை என்ன விகிதம்?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்ல நம்மிடம் ஆள் பஞ்சமே இல்லை. ஆனால் அந்தக் கலவை நனைந்தால் எத்தனை கிலோ, அதைத் தாங்கப் போகிற தளத்துக்கு எவ்வளவு பலம் என்று கேட்பவர்கள் குறைவு. தொட்டியிலும் பையிலும் நாலு செடி வைக்கிற வரைக்கும் இது பெரிய விஷயமில்லை. இப்போது எல்லோரும் பாத்திக்கு வந்துவிட்டோம். எட்டடி நீளம், மூன்றடி அகலம், ஓர் அடி ஆழம் என்று போகும்போது கணக்கு வேறு மாதிரி ஆகிறது.

முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் இருந்தவன் நான். கடன் கொடுக்குமுன் வரம்பு பார்ப்போம். தளத்துக்கும் அப்படி ஒரு வரம்பு உண்டு. நம் நாட்டில் கட்டடச் சுமைக்கான ஐ.எஸ். 875 தரநிலையின் இரண்டாம் பகுதியில், ஆட்கள் ஏறி நடமாடும் மொட்டைமாடிக்குச் சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன் என்று இருக்கிறது. நம்ம பாஷையில் சுமார் 150 கிலோ. சதுர அடிக்குச் சொன்னால் ஏறத்தாழ 14 கிலோ. தளத்தின் சொந்த எடையும் மேலே போட்ட தட்டோடும் இதில் சேராது. மனிதர், தண்ணீர்த் தொட்டி, நம் பாத்தி எல்லாம் இந்தப் பதினான்குக்குள்தான் வரவேண்டும்.

கும்பகோணத்தில் என் தங்கை மகன் போட்ட திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். கீழே 12 அடிக்கு 14 அடி கூடம். மேலே 8 அடிக்கு 3 அடியில் மூன்று பாத்தி, ஓர் அடி ஆழம், செம்மண்ணும் மணலும் தொழுவுரமும். அடியில் வடிகாலுக்கு இரண்டு அங்குலம் ஜல்லி. "மாமா, செடிக்கு மண்ணுதானே வேணும்? நிலத்துல இருக்கற மாதிரியே போட்டுடலாம்"னான்.

கூடத்தின் பரப்பு 168 சதுர அடி. பதினான்கால் பெருக்கினால் சுமார் 2,350 கிலோ, அதுதான் அந்தத் தளத்தின் மொத்த வரம்பு. ஒரு பாத்தி 24 கன அடி, அதாவது 680 லிட்டர். அவன் கலவையை நனைத்து எடைபோட்டதில் லிட்டருக்கு 1.7 கிலோ வந்தது. ஒரு பாத்திக்கு 1,150 கிலோவுக்கு மேல். மூன்றும் சேர்ந்தால் ஏறத்தாழ 3,470. ஜல்லியை இன்னும் எண்ணவில்லை. இரண்டு அங்குல ஜல்லி சதுர அடிக்கு ஏழு கிலோ நிற்கும், மூன்று பாத்திக்கு 500 கிலோ. செடி வைக்குமுன்பே வரம்பில் ஒன்றரை மடங்கைத் தாண்டியாயிற்று.

எடைபோடுவது கஷ்டமில்லை. அடியில் ஓட்டை போட்ட ஒரு வாளியில் சரியாகப் பத்து லிட்டர் அளவுக்குக் கலவையை நிரப்பி, தண்ணீர் ஒழுகுகிற வரை ஊற்றி, ஒரு மணி நேரம் வடியவிட்டு, தராசில் வையுங்கள். வாளியின் எடையைக் கழித்துப் பத்தால் வகுத்தால் ஒரு லிட்டரின் ஈர எடை. அதை 2.36-ஆல் பெருக்கி, ஆழம் எத்தனை அங்குலமோ அதாலும் பெருக்கினால் சதுர அடிக்கு எத்தனை கிலோ என்று தெரிந்துவிடும். மூட்டையில் அச்சடித்த எடையை நம்பவே கூடாது. ஐந்து கிலோ தென்னை நார்க்கழிவுக் கட்டி ஊறிய பிறகு முப்பது கிலோவைத் தாண்டிவிடும். லேசான பொருள்தான், ஆனால் தண்ணீரைக் குடித்த பிறகு அவ்வளவு லேசு இல்லை.

ஜல்லியை நான் அறவே வேண்டாம் என்பேன். எடைக்காக மட்டுமில்லை, அது வடிகாலுக்கும் உதவுவதில்லை. மண் தன் நுண்ணிய துளைகளில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கீழே ஜல்லியின் பெரிய இடைவெளிக்குள் அது சுலபமாக இறங்காது. மண்ணின் அடிப்பாகம் முழுக்க ஊறின பிறகுதான் சொட்டும். பாத்திரம் கழுவுகிற பஞ்சை நனைத்துப் படுக்கவைத்துப் பாருங்கள், பிறகு நிமிர்த்திப் பிடியுங்கள். நிமிர்த்தினால் இன்னும் கொஞ்சம் வடியும். உயரம் கூடினால்தான் வடிகிறது என்பது இதிலேயே தெரியும். ஜல்லி போட்டால் மண்ணின் உயரம் இரண்டு அங்குலம் குறைகிறது, ஈரமாகவே நிற்கிற அடுக்கோ குறையாமல் வேருக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. கத்தரி இலை மஞ்சளாகி, தோண்டினால் அடிமண் புளித்த வாடை அடித்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அதற்குப் பதில், ஓட்டையுள்ள பாத்தியின் அடியில் ட்ரெயினேஜ் செல் என்கிற பிளாஸ்டிக் சட்டத்தை விரித்து, அதன்மேல் ஜியோ டெக்ஸ்டைல் துணியைப் போட்டால் போதும். ஜல்லியோடு பார்த்தால் அதன் எடை ஒன்றுமேயில்லை. துணி மண்ணைப் பிடித்துக்கொள்ளும், தண்ணீர் தேங்காமல் ஓட்டையைத் தேடி ஓடும். தேங்காய் மட்டை அடுக்குகிறவர்கள் உண்டு. லேசுதான், ஆனால் மக்கி அமுங்கிவிடும், பிறகு அங்கே வடிகால் என்று ஒன்று இருக்காது.

பாத்தியைத் தட்டோட்டின்மேல் நேராக வைக்காமல், செங்கல்லைப் படுக்கைவாட்டில் வரிசையாக வைத்து அதன்மேல் ஏற்றுங்கள். வரிசை தளத்தின் வாட்டம் போகிற திசையில் இருக்கட்டும், குறுக்கே வைத்தால் அணை கட்டின மாதிரி ஆகும். மழைநீர்க் குழாயின் வாயில் சருகு அடைத்து நாலு அங்குலம் தண்ணீர் தேங்கினால் சதுர அடிக்கு ஒன்பது கிலோவுக்கு மேல் கூடுகிறது. அந்தக் கூடத்தின் மேல் மட்டும் 1,500 கிலோவுக்கு மேல். ஐப்பசி அடைமழையில் பாத்தியும் முழுக்க நனைந்திருக்கும். குழாய் வாயில் கம்பிவலை போட்டு, மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை கையால் வழித்துவிடுவது இதற்காகத்தான்.

கடைசியில் அவன் திட்டம் மாறியது. ஒரு பங்கு செம்மண், இரண்டு பங்கு நார்க்கழிவு, ஒரு பங்கு மண்புழு உரம். வாளியில் லிட்டருக்கு 1.1 கிலோ. கத்தரி, மிளகாய்க்கு இரண்டு பாத்தி, ஒன்பது அங்குலம், ஒவ்வொன்றும் 560 கிலோ. கீரைக்கு ஒரு பாத்தி, ஆறு அங்குலம், 375 கிலோ. மொத்தம் 1,500-க்குள். பாக்கி 850 கிலோ, மேலே ஏறுகிற ஆட்களுக்கும் தேங்குகிற தண்ணீருக்கும்.

ஒன்பது அங்குலப் பாத்தி இருக்கிற இடத்தில் மட்டும் சதுர அடிக்கு 23 கிலோ வருகிறதே என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. அதனால்தான் கூடத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுவர் தாங்குகிற ஓரத்தில் வைத்தது. தளம் நடுவில்தான் வளையும். சன்ஷேடு, பால்கனி மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தளத்தில் பாத்தியே கூடாது. மரச்சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளிலும் கூடாது. மற்ற வீடுகளில் வரைபடத்தை எடுத்துக்கொண்டு கட்டடப் பொறியாளரிடம் காட்டுங்கள். அவன் காட்டி, அவர் கீழே கூரையைத் தட்டிப் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் மண் மேலே ஏறியது. அவர் வாங்குகிற கூலி, இரண்டு லோடு செம்மண் விலையைவிடப் பெரிதில்லை.

இன்னொன்று. நார்க்கழிவுக் கலவை வருஷத்தில் இரண்டு மூன்று அங்குலம் அமுங்கும். அப்போது கைக்குக் கிடைக்கிற செம்மண்ணை மேலே போட்டு நிரப்புவது நம் எல்லோருக்கும் பழக்கம். நாலு போகத்தில் அது பழைய எடைக்கே வந்து நிற்கும். அமுங்கினதை மட்கு உரத்தாலும் நார்க்கழிவாலும் நிரப்பி, வருஷம் ஒருமுறை வாளிக் கணக்கைத் திரும்பப் போடுங்கள். கீழே கூரையில் மெல்லிய விரிசல் கண்டால் அதன் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். கோட்டைத் தாண்டி விரிசல் நீண்டாலோ, துருக்கறையோ ஈரத்திட்டோ தெரிந்தாலோ, அன்றைக்கே பாத்தியை இறக்கிவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.