பதினைந்து மாதமா, ஒன்பதரை மாதமா?

"கம்பெனி நிலைக்குமா என்று கேட்கிறவரிடம் உள்ளதைச் சொன்னால் ஓடிவிடுவார். நல்ல ஃபண்டிங் இருக்கிறது என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த ரவுண்டுக்குக் கூப்பிடு." ஆள் எடுக்கும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. தப்பான பாடம்.

ஓடிவிடுவாராம். கேட்கிறவர் யார்? பெரிய ஐ.டி. நிறுவனத்தில் ஏழு வருடம் இருந்தவர். வீட்டுக் கடன் இருக்கிறது. 90 நாள் நோட்டீஸ். ஆஃபரை ஏற்ற பிறகும் அந்த மூன்று மாதமும் நம்மைப் பற்றி விசாரித்துக்கொண்டுதான் இருப்பார். நாம் மழுப்பியது தெரிந்தால், சேர வேண்டிய நாளில் போனை எடுக்க மாட்டார். அதுவரை அந்த இடம் காலி. முதல் பதிலிலேயே விலகுகிறவரால் நமக்கு ஒரு நாள்தான் நஷ்டம்.

"ஃபண்டிங் வந்தது பொய் இல்லையே?" இல்லைதான், ஆனால் அவர் கேட்டதற்கு அது பதிலும் இல்லை. எவ்வளவு வந்தது என்பதைவிட எத்தனை மாதம் தாங்கும் என்பதே அவருக்கு வேண்டும். கையில் 6 கோடி, மாதச் செலவு 55 லட்சம், வரவு 15 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 40 லட்சம் கரைகிறது. 15 மாதம் வரும். இந்த எண்ணைத்தான் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் அவர் சேர மூன்று மாதம் ஆகும்; அதற்குள் 1.2 கோடி போய்விடும். அவரோடு சேர்த்துப் பத்துப் பேர் வருவதால் கரைவது 50 லட்சமாகும். மீதி 4.8 கோடி சுமார் ஒன்பதரை மாதம்தான் தாங்கும். அவருக்குச் சொல்ல வேண்டிய எண் இதுதான்.

"ரகசியம், வெளியே சொல்லக்கூடாது" என்பதில் கொஞ்சம் நியாயம் உண்டு. வங்கி இருப்பைச் சொல்ல வேண்டாம், மாதக்கணக்கு போதும். அதையும் நிறுவனரிடம் அனுமதி வாங்கியே சொல்ல வேண்டும். அனுமதி கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை என்றே எழுதலாம்.

இதெல்லாம் சின்னப் பதிலில் அடங்காது என்பதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் எழுதுவது இவ்வளவுதான்:

"நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. இன்றைய செலவில் எங்கள் கையிருப்பு 15 மாதம் வரும். புதிதாக ஆள் எடுப்பதால், நீங்கள் சேரும் நாளில் அது சுமார் ஒன்பதரை மாதமாக இருக்கும். அதற்குள் அடுத்த முதலீடு வர வேண்டும். பேச்சு நடக்கிறது, இன்னும் கையெழுத்தாகவில்லை. வராவிட்டால் என்ன திட்டம் என்பதை நிறுவனரிடமே கேளுங்கள். வியாழக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார். வீட்டிலும் பேசிவிட்டு முடிவெடுங்கள், நாங்கள் காத்திருக்கிறோம்."