பாஷை தெரியாத பாட்டு

சென்ற வருஷம் லண்டன் மாநகருக்குப் போயிருந்தபோது, கறிவேப்பிலை வாங்குவதற்காக ஓர் இலங்கைக்காரரின் மளிகைக் கடைக்குள் நுழைந்தோம். உள்ளே மெல்லிய குரலில் ஒரு பாட்டு ஒலித்துக் கொண்டிருந்தது. பாஷை சிங்களம் என்று ஊகித்தோம். ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. மெட்டோ வெகு நாள் பழகியதாக இருந்தது.

முதலில் நம் பழைய மேடை நாடகங்களில் வரும் பார்ஸி மெட்டு என்றே நினைத்தோம். இரண்டு அடி கேட்டதும் அந்த எண்ணம் போய்விட்டது. நம் ராஜபார்ட் நடிகராயிருந்தால் ஒரு சொல்லைப் பிடித்துக் கொண்டு பிருகாக்களை உதிர்த்து, கைதட்டலுக்குக் காத்து நின்றிருப்பார். இங்கே அந்த அமர்க்களம் எதுவும் இல்லை. நெடுந்தூரம் நடந்து வந்தவன் கோபுரத்தைக் கண்டதும் கைகூப்பி நிற்பது போன்ற அமைதி. அந்த அமைதிதான் நம் ஞாபகத்தைக் கிளறியது. சிறு வயதில் இலங்கை வானொலியைத் திருப்பும்போது, சிங்கள ஒலிபரப்பில் இதே பாட்டைக் கேட்டு நின்றிருக்கிறோம்!

கடைக்காரரிடம் மெட்டை முனகிக் காட்டி, "இது ஸ்வாமி பாட்டுதானே?" என்று கேட்டோம். அவர் முகம் மலர்ந்தது. "ஏறக்குறைய அப்படித்தான், ஐயா. 'தன்னோ புதுங்கே' என்று பெயர்" என்றார்.

அந்தப் பாட்டின் வரலாறு ரஸமானது. ஜான் டி சில்வா என்பவர் 1903-இல் மேடையேற்றிய 'ஸிரிசங்கபோ' என்னும் நாடகத்தில் வருவது அது. பார்ஸி நாடகக் கம்பெனிகள் கொழும்புக்கு வந்து போனதன் பயனாகப் பிறந்த 'நூர்த்தி' என்னும் நாடக வகையைச் சேர்ந்தது. ஆகவே நம் முதல் ஊகமும் அடியோடு பிசகில்லை. தமிழ் மேடைக்கும் சிங்கள மேடைக்கும் மெட்டு வந்த வழி ஒன்றுதான்.

அதைவிட அதிசயம் ஒன்று உண்டு. மெட்டமைத்த விசுவநாத் லௌஜி இந்தியாவிலிருந்து வரவழைக்கப்பட்ட வித்வான். அவருக்குச் சிங்களம் தெரியாது! இன்ன காட்சி, இன்ன பாவம் என்று ஆசிரியர் எடுத்துச் சொல்வார். அதற்கேற்ப லௌஜி மெட்டுப் போடுவார். அந்த மெட்டில்தான் பிறகு சிங்களச் சொற்கள் அமர்ந்தன. பாஷை தெரியாதவர் பாவத்தை மட்டும் கொண்டு அமைத்த மெட்டை, பாஷை தெரியாத நாம் பாவத்தை மட்டும் கொண்டு கண்டுகொண்டோம்.

ஆயினும் நாம் ரொம்பவும் பெருமைப்படுவதற்கில்லை. அநுராதபுரத்தை முதன்முதலாகக் காணும் மூன்று ராஜகுமாரர்கள் பாடுவதாக அமைந்தது அப்பாட்டு என்று பிற்பாடுதான் அறிந்தோம். பக்தியும் சாந்தமும் மெட்டிலிருந்தே நமக்குக் கிடைத்துவிட்டன. எந்த நகரம், எந்தக் குமாரர்கள் என்பதை மெட்டு சொல்லவில்லை. அதற்குப் பாஷை தெரிந்த ஒருவர் வேண்டியிருந்தது.

கறிவேப்பிலையை மறந்து வெளியே வந்துவிட்டோம். கடைக்காரர் பின்னாலேயே வந்து கொடுத்துவிட்டுப் போனார்.