தாளச் சுற்றும் பாடலாசிரியரும்: அசையா, அளவா?

பாடல் எழுதுவோர்க்குத் தாளத்தை விளக்குங்கால், யாப்பிலக்கணம் பயின்ற நாம் இயல்பாக அசையிலிருந்து தொடங்குகிறோம். அத்தொடக்கமே பிழை என்பது என் கருத்து. நாட்டிய நாடகமொன்றிற்குப் பாடல் எழுதிய கவிஞர் ஒருவர்க்கு உதவியபோது இதனை உணர்ந்தேன். 'அட்சரம்' என்பதை எழுத்து எனக் கொண்டு, ஆதி தாளத்திற்கு அடிதோறும் எட்டு எழுத்து எண்ணியிருந்தார் அவர். சொல்லே அவரை ஏமாற்றியது.

மிசிரசாப்பின் ஒரு சுற்று ஏழு அலகு; 'தகிட தகதிமி' என மூன்றும் நான்குமாகப் பிரியும். இசையில் தனிக்குறில் ஓரலகு பெறும். நெடிலும், ஒற்றடுத்த குறிலும் இரண்டலகு பெறும். ஒற்றின் அரை மாத்திரையும் குற்றியலுகரத்தின் அரை மாத்திரையும் பெரும்பாலும் இங்கு முழு அலகாகிவிடுகின்றன. எனவே, இலக்கண மாத்திரைக் கணக்கையும் அப்படியே கொள்ளலாகாது.

எடுத்துக்காட்டாக நானே அமைத்த அடி இது: 'காடு மலரும்'. காடு மூன்று, மலரும் நான்கு, ஆக ஏழு. கவிஞர் இதற்கு இணையாகக் 'கூடு திரும்பும்' என எழுதினார். மலரும், திரும்பும் ஆகிய இரண்டும் புளிமா; யாப்பு நோக்கில் குறையில்லை. ஆயின் திரும்பும் என்பது ஐந்து அலகு. அதன் ஈற்று 'பும்' அடுத்த சுற்றின் முதல் அலகைப் பற்றிக்கொள்ளும். பாடுபவர் மகரத்தை விழுங்குவார், அல்லது அடுத்த அடி ஓரலகு தாமதித்து எழும். 'கூடு தேடும்' என மாற்றியதும் பொருந்தியது. தேடும் தேமாவே, ஆயினும் நான்கு அலகு. அசை ஒத்தது தாளத்தில் பிழைத்தது. அசை வேறுபட்டது நின்றது.

குறைந்த அலகை இழுத்து நிரப்பலாமே எனச் சிலர் கூறுவர். கார்வைக்கு இடமுண்டுதான், ஆனால் எங்கும் இல்லை. 'காடு மலர' என்பது ஆறு அலகு. ஏழாவது அலகிற்காக ஈற்றை நீட்டினால் 'காடு மலரா' எனக் கேட்கும்; மலர்தல் மலராமையாகிவிடும். குறில் நெடில் வேறுபாட்டால் பொருள் திரியும் மொழியில், இது இசையமைப்பாளர் திருத்தக்க குறையன்று. எழுதும்போதே நீக்க வேண்டியது.

அடி பொருந்தியதா என அறிய எழுத்தை எண்ண வேண்டியதில்லை. முதலலகிலும் நான்காம் அலகிலும் தட்டி, அடியை இசையின்றிச் சொல்லிப் பார்த்தால் போதும். இரண்டாம் தட்டில் இரண்டாம் சொல் தொடங்க வேண்டும். (சீர் நடுவே தட்டு விழும்படி வேண்டுமென்றே எழுதுவோரும் உளர், அது தேர்ந்தோர்க்குரியது.)

வண்ணப்பாடல் மரபு இவ்வளவைச் சந்தக் குழிப்பாக முன்பே வகுத்துள்ளது. மேற்கண்ட அடியைத் 'தான தனனம்' என்றும், பிழைத்ததைத் 'தான தனந்தம்' என்றும் குறித்துக் காட்டியவுடன் கவிஞர்க்கு விளங்கிற்று. தேமா, புளிமா கொண்டு ஒரு மணிநேரம் நான் விளக்கியும் விளங்காதது அது. நம் யாப்புப் பாடத்தில் திருப்புகழின் சந்தம் பெரும்பாலும் பெயரளவில் நின்றுவிடுகிறது. வாய்பாட்டுக்கு முன்னரே அதனைப் பயிற்றுதல் தகும்.