ஸலாமுக்குப் பின் ஒரு சொல்

யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் ஒரு கல்யாண வீடு. 1990இல் வெளியேற்றப்பட்ட குடும்பத்துப் பெண்ணொருவர் புத்தளத்திலிருந்து வந்திருக்கிறார். ஸலாம் சொல்லியாயிற்று. அவருடைய புதுச் சேலை கண்ணில் படுகிறது. அடுத்து என்ன சொல்வது?

ஹபஷாவிலிருந்து மதீனா வந்த சிறுமி உம்மு காலித் (ரழி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் தம் கையாலேயே கறுப்பு ஆடையொன்றை அணிவித்தார்கள். அதன் வேலைப்பாட்டைச் சுட்டிக்காட்டி, ஹபஷா மொழியிலேயே ‘ஸனா’, அதாவது அழகு, என்றார்கள். அதை நெடுநாள் உடுத்தவும் வாழ்த்தினார்கள். புகாரியில் வரும் செய்தி இது.

நீங்களும் ஒன்றைக் குறிப்பிட்டு, அவர் பழகிய பேச்சிலேயே சொல்லுங்கள்: “ராத்தா, சேலைக் கரை நல்ல வடிவா இருக்கு, பாரகல்லாஹ்!” துஆ சேர்ந்தால் கண்ணூறு என்ற அச்சம் எழாது. விலை கேட்காதீர்கள்.

முடி வெட்டிய பிள்ளையிடம் “இப்பதான் வடிவு” என்றால், முன்பு வடிவில்லை என்றாகிவிடும். “இந்த வெட்டு முகத்துக்கு நல்லாப் பொருந்துது” என்பதே போதும். வெட்கப்பட்டால் மேலும் புகழாமல், பயணத்தை விசாரியுங்கள்.